வானொலிப் பிரதியில் ஒலிக்குறிகள் பிறந்த வரலாறு

வானொலியில் ஒலிச்சித்திரம் ஒன்றைக் கேட்கும்பொழுது, வாசகரின் குரலையும், அதன் பின்னே எழுந்து தாழும் இசையையும், இடையிடையே ஒலிக்கும் இடியோசையையும் ரயிலோசையையும் நாம் ஒன்றாகவே கேட்கிறோம். ஆனால் இவை ஒன்றாகப் பிறப்பதில்லை. ஒவ்வோர் ஒலியும் எந்தச் சொல்லில் எழ வேண்டும், எவ்வளவு உரக்க நிற்க வேண்டும், எந்தச் சொல்லில் மங்க வேண்டும் என்பதெல்லாம் முன்னரே காகிதத்தில் எழுதப்படுகின்றன. ஒலிக்கலவை மேசையில் அமர்ந்திருப்பவர் அக்காகிதத்தைப் பார்த்தே கைப்பிடிகளைத் திருப்புகிறார். அந்தக் குறிகள் எப்படித் தோன்றின என்பதையும், தமிழில் அவற்றை எழுதும்பொழுது எதைக் கருதவேண்டும் என்பதையும் இங்கே காண்போம்.

வானொலிக்கென்றே எழுதப்பட்ட முதல் நாடகங்களில் ஒன்று, 1924 ஜனவரி 15-ஆம் நாள் லண்டனில் ஒலிபரப்பப்பட்டது. எழுதியவர் ரிச்சர்டு ஹியூஸ். நிலக்கரிச் சுரங்கத்துள் விளக்கணைந்த இருளில் சிக்கிக்கொண்ட சிலரைப் பற்றியது அந்நாடகம். அக்காலத்தில் ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் தனித்தனிக் கைப்பிடிகள் கிடையா. தொலைவில் சுரங்கத் தொழிலாளர் பாடும் பாட்டு மெல்லக் கேட்டு மெல்ல மறையவேண்டும். பாடகர்களைத் தாழ்வாரத்தில் நிறுத்திவைத்து, ஸ்டூடியோவின் கதவைத் திறந்தும் மூடியும் அந்த விளைவை உண்டாக்கியதாக ஹியூஸ் பின்னாளில் நினைவுகூர்ந்தார். கதவு திறந்தால் பாட்டு எழும், மூடினால் மங்கும். ஆகவே, அன்றைய பிரதியில் ஒலிக்குறி என்பது கதவருகே நின்றவருக்கு இடப்பட்ட கட்டளையாகவே இருந்திருக்கும்.

நான்கே ஆண்டுகளில் இந்நிலை மாறிற்று. 1928-இல் பி.பி.சி.யின் நாடகப் பகுதியினர் ஒரு புதிய கட்டுப்பாட்டுப் பலகையை அமைத்தனர். நடிகர்கள் ஒரு ஸ்டூடியோவிலும், வாத்தியக்காரர் மற்றொன்றிலும், ஒலிவிளைவுகளைச் செய்வோர் வேறொன்றிலும் இருப்பர். ஒவ்வொரு ஸ்டூடியோவின் ஒலியும் பலகையிலுள்ள ஒரு கைப்பிடிக்கு வந்து சேரும். தயாரிப்பாளர் அங்கிருந்தபடியே ஒன்றை எழுப்பி மற்றொன்றை மங்கச் செய்யலாம். அவ்வாண்டு செப்டம்பரில் லான்ஸ் சீவ்கிங் அளித்த ‘கெலைடாஸ்கோப்’ என்னும் நிகழ்ச்சி, பல ஸ்டூடியோக்களை இவ்வாறு கோத்துச் செய்யப்பட்டதாகும். இங்கேதான் காகிதத்தின் தேவை பெருகியது. ஒருவரையொருவர் காண முடியாத அறைகளில் இருப்பவர்கள் ஒரே கணத்தில் செயற்படவேண்டுமானால், அந்தக் கணத்தின் பெயர் எல்லோர் கையிலும் எழுத்தில் இருத்தல் வேண்டும். அந்தப் பெயர், வாசகர் உச்சரிக்கும் ஒரு சொல்லே.

நம் நாட்டில் 1936-இல் அகில இந்திய வானொலி என்ற பெயர் ஏற்பட்டது. 1938-இல் சென்னையிலும் 1939-இல் திருச்சியிலும் நிலையங்கள் திறக்கப்பட்டன. இசைத்தட்டுக் காலத்தில், தட்டில் வேண்டிய இடத்தை மெழுகுப் பென்சிலால் குறித்து, முள்ளை அங்கே நிறுத்தி, குறி வந்தவுடன் தட்டைச் சுழலவிட்டனர். பின்னர் காந்த நாடா வந்தது. இன்று கணினி வந்திருக்கிறது. கருவிகள் மாறினவேயன்றி, ஒரு குறி சொல்லவேண்டிய செய்திகள் மாறவில்லை. என்ன ஒலி, எந்தச் சொல்லில் தொடக்கம், எத்தனை விநாடியில் எழுச்சி, எவ்வளவு உரம், எந்தச் சொல்லில் மங்கல் என்னும் ஐந்துமே அவை.

ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு இதனை விளக்குவோம். பம்பாயில் முதல் பயணி ரயில் புறப்பட்ட நிகழ்ச்சியை ஒலிச்சித்திரமாக எழுதுகிறோம் என்று கொள்வோம். 1853 ஏப்ரல் 16-ஆம் நாள் பிற்பகல் 3 மணி 35 நிமிடத்திற்குப் போரிபந்தரிலிருந்து தாணாவுக்கு அந்த ரயில் புறப்பட்டது. தூரம் 21 மைல். 14 வண்டிகளில் ஏறத்தாழ 400 விருந்தினர் அமர்ந்திருந்தனர். மூன்று எஞ்சின்கள் அவற்றை இழுத்தன. 21 பீரங்கிக் குண்டுகள் முழங்கின. இவற்றில் காதுக்குரியவை நான்கு: கூட்டத்தின் ஆரவாரம், பீரங்கி, பாண்டு வாத்தியம், எஞ்சின்.

ஒலியின் உரத்தை எழுத, வாசகரின் வழக்கமான குரல் உயரத்தைச் சுழியம் என்று வைத்துக்கொள்கிறோம். மற்றவை அதற்குக் கீழே எத்தனை டெசிபல் என்று குறிக்கப்படும். 20 டெசிபல் குறைத்தால் மின் அலையின் உயரம் பத்தில் ஒரு பங்காகிவிடும். அப்பொழுது இசை இருப்பது தெரியும், ஆனால் சொல்லை மறைக்காது. பேச்சின் கீழே கிடக்கும் ஒலிக்கு இந்த 20 என்பது நல்லதோர் அளவு.

முதற்குறியை இவ்வாறு எழுதலாம்: “குறி 1. கூட்டத்தின் ஆரவாரம். நிசப்தத்திலிருந்து 4 விநாடியில் எழுக. சுழியத்திற்கு 6 கீழே 3 விநாடி நிற்க. பின் 2 விநாடியில் 20 கீழே தாழ்க. தாழ்ந்தபின் வாசகர்.” இதனைக் கூட்டிப் பார்த்தால், வாசகர் வாய்திறக்க 9 விநாடி ஆகிறது. இதைவிட நீண்டால் கேட்போர் பொறுமையிழப்பர் என்று தோன்றினால் நிற்கும் நேரத்தைக் குறைக்கலாம். தாழும் நேரத்தைக் குறைத்தலாகாது. திடீரெனத் தாழும் ஆரவாரம், மக்கள் மூச்சடைத்து நின்றுவிட்டதுபோல் ஒலிக்கும்.

அடுத்தது பீரங்கி. 21 வேட்டுகளையும் முழங்கச் செய்வது இயலாது. வேட்டுக்கு 5 விநாடி என்று கொண்டாலும், 100 விநாடிக்கு மேல் வாசகர் காத்திருக்க வேண்டும். ஆகவே மூன்று வேட்டுகளைத் தெளிவாகக் கேட்கவிட்டு, நான்காவதன் எதிரொலி மங்குகையில், “இருபத்தொரு முறை முழங்கின” என்று வாசகர் சொல்வார். எஞ்சியவற்றைக் கேட்போரின் மனம் முழக்கிக்கொள்ளும். வேட்டொலிக்கு மெல்ல எழும் குறி பொருந்தாது. அது முழு உரத்தில் தொடங்கி, முடிவில் மட்டும் மங்கவேண்டும். ஆனால் அந்த முழு உரமும் வாசகரின் குரலை மிஞ்சக்கூடாது. 3 கீழே போதும். ஏனெனில் ஒலிபரப்பு நிலையத்தில் மிகையொலியைத் தானே அடக்கும் கருவி ஒன்று உண்டு. பீரங்கி மிஞ்சினால் அக்கருவி எல்லா ஒலியையும் சேர்த்து அமுக்கும். வேட்டுக்குப் பின் வரும் வாசகரின் முதற்சொல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் சுருங்கிக் கேட்கும். பீரங்கியின் பெருமையை உணர்த்துவது அதற்கு முன் விடப்படும் ஒரு விநாடி அமைதியும், பின் வரும் எதிரொலியுமே.

பாண்டு வாத்தியம் ஆரவாரத்தின் இடத்தைப் பிடிக்கவேண்டும். “குறி 3. பாண்டு 3 விநாடியில் எழுக, அதே 3 விநாடியில் ஆரவாரம் மங்கி மறைக” என்று எழுதினால், ஒன்று போக ஒன்று வரும். இரண்டையும் வாசகரின் கீழே ஒருங்கே வைத்தால், தனித்தனியே 20 கீழே இருந்தபோதிலும் சேர்ந்து சொல்லை மூடும். குரலுக்குக் கீழே ஓடும் இசையில் பாட்டின் சொற்களும் இருத்தலாகாது; இரண்டு பேச்சை ஒரே சமயத்தில் காது வாங்குவதில்லை.

இறுதியில் எஞ்சின். நீராவியின் மூச்சு முதலில் நிதானமாகவும், பின்னர் விரைந்தும் வரும். மங்கும் இடத்தை, மூச்சு விரைவடைந்தபின் வைக்கவேண்டும். அதற்கு முன்னரே மங்கச் செய்தால், ரயில் போயிற்று என்று தோன்றாது. எஞ்சின் நின்றுவிட்டது என்றே தோன்றும். டீசல் எஞ்சினின் ஊதல் இந்தக் கதைக்குள் தப்பித் தவறியும் நுழையலாகாது.

குறியை எங்கே எழுதுவது என்பதும் ஒரு செய்தி. கலவை மேசையில் இருப்பவர் குறியைக் கண்டவுடனே கை செயற்படுவதில்லை. ஆகவே, இரண்டு வரிகளுக்கு முன் ஓரத்தில் “குறி 4, ஆயத்தம்” என்று எழுதி, செயற்படவேண்டிய சொல்லின் கீழ் கோடிடுவது வழக்கம். வாக்கியத்தின் தலையில் பொதுவாகக் “இசை” என்று எழுதிவிட்டால், அது முதற்சொல்லிலா, கடைசிச் சொல்லிலா என்பது அவருக்குத் தெரியாது.

தமிழுக்கே உரிய ஓர் இடர் இங்குண்டு. ஆங்கிலத்தில் ‘இல்லை’ என்னும் பொருள் பெரும்பாலும் வாக்கியத்தின் நடுவிலேயே வந்துவிடும். நம் மொழியிலோ வினை இறுதியில் நிற்கிறது. காலமும், யார் செய்தார் என்பதும், செய்தாரா இல்லையா என்பதும் அந்த வினையின் வாலில் இருக்கின்றன. நமது சித்திரத்தின் கடைசி வாக்கியம் இப்படி இருக்கட்டும்: “அவ்வாண்டு தென்னாட்டுக்கு ரயில் வரவில்லை.” இசை ‘வர’ என்ற இடத்திலேயே எழுந்துவிட்டால், ‘வில்லை’ அதில் மூழ்கிப்போகும், கேட்டவர் நேர்மாறாகப் பொருள்கொள்வார். உண்மையில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை முதல் ரயில் ஓடியது 1856 ஜூலை 1-ஆம் நாளிலேதான். இரண்டே அசையால் வரலாறு மூன்றாண்டு பிசகிவிடும்! எனவே தமிழ்ப் பிரதியில், “வரவில்லை” என்பதற்குக் கீழ் கோடிட்டால் மட்டும் போதாது. “சொல் முழுதும் முடிந்து, அரை விநாடி கழித்து இசை எழுக” என்று எழுதுதல் வேண்டும்.

தமிழ்நாட்டிலே பிறந்து வளர்ந்தவர், விட்டுப்போன ஈற்றெழுத்தைப் பழக்கத்தால் ஊகித்துக்கொள்ளக்கூடும். பம்பாயிலும் கல்கத்தாவிலும் டில்லியிலும் வளரும் நம் குழந்தைகள் பலருக்குத் தமிழ் வீட்டுக்குள் மட்டும் கேட்கும் மொழி; இலக்கிய நடையில் அமைந்த வினைமுற்றுகளை வானொலி போன்றவற்றிலேதான் அவர்கள் கேட்கின்றனர். அவர்களுக்கு மூழ்கிப்போன எழுத்து மூழ்கியதே. சங்க விழாக்களுக்கு ஒலிச்சித்திரம் தயாரிப்போர், பதிவு முடிந்ததும் பிரதியைப் பாராத ஒருவரை ஒரு சிறிய பெட்டியில் அதனைக் கேட்கச் செய்து, ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லையும் திருப்பிச் சொல்லும்படி கேட்கலாம். எந்த இடத்தில் அவர் தயங்குகிறாரோ, அந்த இடத்தில் இசை முந்திவிட்டது என்று அறியலாம். அங்கே குறியை ஒரு சொல் தள்ளி எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.