நிலைகொள்ளாத கோணம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பிரான்சில் சர்க்கரை பெரும் பணம். பீட் கிழங்கைப் பிழிந்து சர்க்கரை எடுக்கும் ஆலைகள் நாடெங்கும் இயங்கின. சாற்றில் எவ்வளவு சர்க்கரை இருக்கிறது என்று சட்டெனக் கண்டுபிடிக்க ஆலைக்காரர்களிடம் ஒரு நல்ல வழி இருந்தது. ஒரே தளத்தில் அதிரும்படி வடிகட்டிய ஒளியைச் சர்க்கரைக் கரைசல் வழியே செலுத்தினால், அந்தத் தளம் சற்றே திரும்பி வெளியே வரும். 1815-இல் ழான் பாப்டிஸ்ட் பியோ இதைக் கண்டறிந்திருந்தார். எவ்வளவு சர்க்கரையோ அவ்வளவு திருப்பம். கோணத்தைப் படித்தால் அளவு தெரிந்துவிடும். போலாரிமீட்டர் என்ற அந்தக் கருவியை யாரும் சந்தேகிக்கவில்லை, 1846 வரை.

அந்த ஆண்டு, பீட் சர்க்கரைத் தொழிலிலேயே ஊறிய வேதியியலாளர் ஒகுஸ்தன் துப்ரன்ஃபோ குளுக்கோஸ் படிகங்களைத் தண்ணீரில் கரைத்து உடனே கருவியில் வைத்தார். வர வேண்டிய கோணத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வந்தது. சற்று நேரம் கழித்துப் பார்த்தால் கோணம் குறைந்திருந்தது. பிறகும் குறைந்தது. இன்றைய அளவீடுகளில் சொல்வதானால், 10 கிராம் நீரற்ற குளுக்கோஸை 100 மில்லியாகக் கரைத்து 20 சென்டிமீட்டர் குழாயில் ஊற்றினால் முதல் அளவு வலப்பக்கம் 22.4 டிகிரி. சில மணி நேரம் கழித்து அது 10.5 டிகிரிக்கு வந்து அங்கேயே நின்றுவிடும். எதுவும் படியவில்லை, ஆவியாகவில்லை, புளிக்கவில்லை. அதைவிட விந்தை, நின்றுபோன அந்தக் கரைசலிலிருந்து குளுக்கோஸை மீண்டும் படிகமாக்கி, புதிதாகக் கரைத்தால் கோணம் மறுபடி 22.4-இல் தொடங்கியது! பொருள் கெட்டுப்போயிருந்தால் இப்படித் திரும்பி வராது. துப்ரன்ஃபோ இதற்கு இரட்டைச் சுழற்சி என்று பொருள்படும் ஒரு பெயரை வைத்தார். காரணம் சொல்ல அவரிடம் எதுவும் இல்லை.

காரணத்தின் முதல் நுனி வேறொரு புதிரிலிருந்து வந்தது. குளுக்கோஸ் என்பது ஆறு கார்பன்கள் கொண்ட நேரான சங்கிலி, அதன் தலையில் ஓர் ஆல்டிஹைடு தொகுதி என்று வேதியியலாளர்கள் எழுதிவந்தார்கள். வெள்ளிக் கண்ணாடிச் சோதனையில் அது ஆல்டிஹைடு போலவே நடந்துகொண்டது. ஆனால் ஆல்டிஹைடுகளைக் கண்டவுடன் சிவக்கும் ஷிஃப் கரைசலில் குளுக்கோஸைச் சேர்த்தால் நிறமே வரவில்லை. ஜெர்மனியின் கோட்டிங்கனில் இருந்த பெர்ன்ஹார்ட் டோலன்ஸை இது உறுத்தியது. வெள்ளிக் கண்ணாடிச் சோதனைக்கே இன்று அவர் பெயர்தான். 1883-இல் அவர் துணிந்து ஒரு படம் வரைந்தார். அதில் சங்கிலி வளைந்து, அதன் உடலிலுள்ள ஒரு ஹைட்ராக்சில் தொகுதி தலையிலிருந்த ஆல்டிஹைடைப் பற்றிக்கொண்டிருந்தது. நடுவில் ஓர் ஆக்சிஜன் பாலம். ஆல்டிஹைடு தலைமறைவாகி, ஹெமிஅசிட்டால் என்ற உருவில் இருந்தது. படம் அழகாக இருந்தது. ஆனால் அதை நம்ப அன்று யாருக்கும் அவசரம் இல்லை.

சங்கிலியின் பக்கம் நின்றவர் சாதாரண ஆள் அல்ல. 1891-இல் எமில் ஃபிஷர், குளுக்கோஸ் சங்கிலியிலுள்ள நான்கு சீர்மையற்ற கார்பன்களில் ஒவ்வொன்றிலும் ஹைட்ராக்சில் எந்தப் பக்கம் நிற்கிறது என்று தீர்த்துவைத்தார். சாத்தியமான 16 வடிவங்களில் குளுக்கோஸ் எது என்று சொல்லிவிட்ட மாபெரும் வேலை அது. அந்த வெற்றியின் சூட்டிலேயே 1893-இல் அவர் குளுக்கோஸை மெத்தனாலிலும் ஹைட்ரஜன் குளோரைடிலும் வைத்தார். ஆல்டிஹைடு என்றால் இரண்டு மெத்தில் தொகுதிகள் ஒட்டிக்கொண்டு அசிட்டால் வர வேண்டும். கிடைத்த படிகத்தைப் பகுத்துப் பார்த்தால் ஒரே ஒரு மெத்தில்தான் இருந்தது. இரண்டாவது இடத்தை ஏற்கெனவே யாரோ பிடித்துவைத்திருந்தார்கள்! அது குளுக்கோஸின் சொந்த ஆக்சிஜன்தான். எந்தச் சங்கிலியை ஃபிஷர் நிலைநாட்டினாரோ, அதையே அவருடைய சோதனைக் குழாய் மறுத்தது.

அடுத்த ஆண்டு ஆல்பர்டா வான் எகன்ஸ்டைன் என்ற டச்சுக்காரர் அதே மெத்தில் பொருளின் இன்னொரு வடிவத்தைப் பிரித்தெடுத்தார். ஒன்று ஒளியை வலப்பக்கம் வெகுதூரம் திருப்பியது, மற்றது இடப்பக்கம் திருப்பியது. வளையம் மூடும்போது முதல் கார்பன் புதிதாக ஒரு சீர்மையற்ற மையம் ஆகிறது, அதனால் அதன் மேலிருக்கும் தொகுதிக்கு இரண்டு நிலைகள் உண்டு என்பதற்கு இது கண்கூடான சாட்சி. இந்த இரண்டு பொருள்களும் தண்ணீரில் எத்தனை மணி நேரம் கிடந்தாலும் கோணம் மாறவில்லை. மெத்தில் தொகுதி வளையத்துக்குப் பூட்டுப் போட்டிருந்தது. அப்படியென்றால் பூட்டில்லாத குளுக்கோஸுக்கும் இரண்டு வடிவங்கள் இருக்க வேண்டுமே?

1895-இல் சார்ல் தன்ரே என்ற பிரெஞ்சு மருந்தாளர் விடையோடு வந்தார். ஆனால் அவர் கையில் இருந்தவை இரண்டல்ல, மூன்று. முதல் குளுக்கோஸ் உயரத்தில் தொடங்கி இறங்கியது. சூடாக்கிப் பெற்ற இன்னொன்று தாழ்வில் தொடங்கி ஏறியது. இடையிலிருந்த மூன்றாவது அசையவே இல்லை. மூன்றையும் அவர் மூன்று தனிப் பொருள்களாகவே எண்ணினார். அந்த அசையாத மூன்றாவது தனிப் பொருளே அல்ல, மற்ற இரண்டின் கலவை என்பது பிறகுதான் தெளிந்தது. இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த தவறு இது. ஏனென்றால் இரண்டு குளுக்கோஸ்களும் எங்கே சென்று சந்திக்கின்றன என்பதைத் தன்ரே தன் கையிலேயே பிடித்திருந்தார்.

1899-இல் தாமஸ் மார்ட்டின் லௌரி, கற்பூரத்திலிருந்து செய்த நைட்ரோகேம்ஃபர் என்ற பொருளிலும் இதே நழுவலைப் பார்த்தார். எப்போதும் இரண்டு மடங்கிலிருந்துதான் தொடங்கும் என்பதில்லை என்பதால் பழைய பெயரை விட்டு மியூட்டாரொட்டேஷன் என்று பெயரிட்டார். ஒரு வடிவம் மற்றொன்றாகவும், அது திரும்ப முதலாவதாகவும் மாறிக்கொண்டே ஒரு சமநிலையை அடைகிறது என்பது அவர் விளக்கம். ஆனால் எந்தக் குளுக்கோஸ் எந்த மெத்தில் வடிவத்துக்கு உறவு?

1903-இல் எட்வர்ட் ஃப்ராங்க்லண்ட் ஆம்ஸ்ட்ராங் நொதிகளை வைத்து இந்த முடிச்சை அவிழ்த்தார். மால்டேஸ் நொதி ஆல்ஃபா மெத்தில் குளுக்கோசைடை மட்டும் உடைக்கும், எமல்சின் பீட்டாவை மட்டும் உடைக்கும். உடைந்து குளுக்கோஸ் விடுபட்ட வேகத்தில், கரைசலில் ஒரு துளி அம்மோனியா விட்டார். காரம் வளையம் திறந்து மூடுவதை மிகவும் துரிதப்படுத்தும், மணிக்கணக்கான நழுவல் நிமிடங்களில் முடிந்துவிடும். ஆல்ஃபாவிலிருந்து வந்த கரைசலில் கோணம் இறங்கியது. பீட்டாவிலிருந்து வந்ததில் கோணம் ஏறியது. உயரத்தில் தொடங்கும் குளுக்கோஸ் ஆல்ஃபா, தாழ்வில் தொடங்குவது பீட்டா என்று உறவுமுறை நிச்சயமாயிற்று. ஆயினும் ஒரு பெரிய பிழை எல்லோர் படங்களிலும் ஒளிந்திருந்தது.

டோலன்ஸும் ஃபிஷரும் வரைந்த வளையத்தில் ஐந்து மூலைகள். பாலம் நான்காவது கார்பனில் முடிவதாகவே எல்லோரும் எண்ணிவந்தார்கள். 14 வயதில், தந்தை மேலாளராக இருந்த லினோலியத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து, பிறகு வேதியியலுக்கு வந்த நார்மன் ஹாவர்த் அதைச் சோதித்தார். அவர் குழுவின் உத்தி நேரானது. குளுக்கோஸின் வெளியே தெரியும் ஹைட்ராக்சில்கள் அனைத்தையும் மெத்தில் போட்டு அடைத்துவிட வேண்டும். பிறகு வளையத்தைத் திறந்தால், பாலத்தில் சிக்கியிருந்த ஹைட்ராக்சில் மட்டும் அடைக்கப்படாமல் வெளியே வரும். ஆக்சிஜனேற்றம் சங்கிலியை அந்த இடத்தில் வெட்டும். பாலம் நான்காவது கார்பனில் என்றால் நான்கு கார்பன் துண்டு கிடைக்க வேண்டும். 1926 வாக்கில் ஹாவர்த்தும் எட்மண்ட் ஹர்ஸ்டும் பெற்றது ஐந்து கார்பன் துண்டு, டிரைமெத்தாக்ஸி குளூட்டாரிக் அமிலம். பாலம் ஐந்தாவது கார்பனில்தான் இருந்தது. ஐந்து கார்பனும் ஓர் ஆக்சிஜனும் சேர்ந்து மூலைகள் ஆறு. உயிர்வேதியியல் நோட்டுகளில் ஒவ்வொரு மாணவரும் யோசிக்காமலே வரையும், வலது மேல் மூலையில் O எழுதிய அந்தச் சிறிய அறுகோணம் இப்படித்தான் பிறந்தது. வலது ஓரத்து முதல் கார்பனில் ஹைட்ராக்சில் கீழே இருந்தால் ஆல்ஃபா, மேலே இருந்தால் பீட்டா. ஹாவர்த்துக்கு 1937-இல் நோபல் பரிசு வந்தது.

அறுகோணம் வந்தபின் துப்ரன்ஃபோவின் கோணம் கணக்குக்கு அடங்கியது. தூய ஆல்ஃபாவின் தன்சுழற்சி +112.2, தூய பீட்டாவினுடையது +18.7, சமநிலையில் +52.7. இரண்டும் வலப்பக்கமே திருப்புகின்றன என்பதைத் தேர்வுத்தாள்களில் பலர் தவறவிடுகிறார்கள். ஆல்ஃபாவும் பீட்டாவும் கண்ணாடிப் பிம்பங்கள் அல்ல. அப்படியிருந்தால் அளவுகள் சமமாகவும் எதிராகவும் இருந்து, சமநிலையில் கோணம் சுழியாகியிருக்கும். முதல் கார்பனில் மட்டும் வேறுபடும் அனோமர்கள் அவை. இரண்டுக்கும் உள்ள இடைவெளி 93.5. சமநிலை அளவு பீட்டாவின் அளவைவிட 34.0 கூடுதல். 34.0-ஐ 93.5-ஆல் வகுத்தால் 0.364. ஆகவே ஆல்ஃபா 36.4 சதவீதம், பீட்டா 63.6 சதவீதம். சரிபாதியாக இருந்தால் 65.45 வந்திருக்கும். நாற்காலி வடிவில் நிற்கும் பீட்டா வளையத்தில் பெரிய தொகுதிகள் எல்லாமே வெளிப்புறமாக நீண்டு, ஒன்றையொன்று இடிக்காமல் இருக்கின்றன. ஆல்ஃபாவில் முதல் கார்பனின் ஹைட்ராக்சில் மட்டும் செங்குத்தாக நின்று நெருக்கடி தருகிறது. தண்ணீரில் பீட்டா பெரும்பான்மை பெறுவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

ஒன்று மற்றொன்றாக மாற வளையம் திறந்து, சங்கிலியாகி, மறுபடி மூட வேண்டும். ஆனால் எந்த நொடியிலும் சங்கிலியாக இருப்பது 0.01 சதவீதத்துக்கும் குறைவு. ஷிஃப் கரைசல் சிவக்காததற்கு அதுவே காரணம். வெள்ளிக் கண்ணாடிச் சோதனையோ அந்தச் சொற்பத்தைத் தின்னத் தின்ன, வளையங்கள் திறந்து ஈடுகட்டுகின்றன. நழுவலுக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. 22.4-க்கும் 10.5-க்கும் இடையிலுள்ள சுமார் 12 டிகிரியில் பாதி, 25 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ அரை மணி நேரத்தில் கரைகிறது. மிச்சத்தில் பாதி அடுத்த அரை மணியில். அளவுகள் 16.5, 13.5, 12.0 என்று வரிசையாக இறங்கும். ஆய்வகத்தில் முதல் அளவே 16 என்று வந்தால் தாமதமாகப் படித்திருக்கிறார்கள், அல்லது வெந்நீரில் கரைத்திருக்கிறார்கள், அல்லது குழாயில் அமிலமோ காரமோ ஒட்டியிருந்திருக்கிறது.

உயிருள்ள செல்லுக்கு இந்த அரை மணியும் அதிகம். 1952-இல் டேவிட் கெய்லினும் ஹார்ட்ரீயும் ஆல்ஃபாவையும் பீட்டாவையும் விரைவாக ஒன்றுக்கொன்று மாற்றும் மியூட்டாரொட்டேஸ் என்ற நொதியை விவரித்தார்கள். இரத்தச் சர்க்கரையை அளக்க ஆய்வகங்கள் பயன்படுத்தும் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் நொதி பீட்டாவைத்தான் பிடிக்கும். அதனால் பல சோதனைக் கலவைகளில் மியூட்டாரொட்டேஸும் சேர்க்கப்படுகிறது. அது இல்லாத கலவையில், அப்போதுதான் கரைத்த ஆல்ஃபா குளுக்கோஸைத் தரக் கரைசலாக வைத்தால் அளவு குறைவாகவே காட்டும். அதனால்தான் தரக் கரைசலைக் கரைத்தபின் குறைந்தது இரண்டு மணி நேரம் வைத்திருந்து, பிறகே பயன்படுத்துகிறார்கள்.