முக்கோணவியல்: ஓரலகு வட்ட வழிக் கற்றல்

முற்றொருமைகளை மனப்பாடம் செய்வதற்கு முன், சைன், கொசைன் ஆகியவற்றைச் செங்கோண முக்கோணத்தின் பக்க விகிதங்களாகவும், பின்னர் ஓரலகு வட்டத்தின் மேலுள்ள புள்ளியின் ஆயங்களாகவும் அறியும் கற்றல் முறை. முக்கோணவியலின் தொடக்க நிலைக்கு உரியது.

பக்கம் 2 அலகுள்ள சமபக்க முக்கோணத்தைக் குத்துக்கோட்டால் இரண்டாகப் பிரித்தால் 1, √3, 2 பக்கங்களுள்ள செங்கோண முக்கோணம் கிடைக்கும். 30° கோணத்தின் எதிர்ப்பக்கம் 1, கர்ணம் 2 என்பதால் sin 30° = 1/2; அடுத்துள்ள பக்கம் √3 என்பதால் cos 30° = √3/2.

செங்கோண முக்கோணத்தில் 150° கோணம் அமையாது. விகித வரையறை இங்கே நின்றுவிடுகிறது. ஆரம் 1 ஆகவுள்ள வட்டத்தில் கர்ணமே ஆரமாவதால், கொசைன் x ஆயமாகவும் சைன் y ஆயமாகவும் ஆகின்றன. 150° புள்ளி, 30° புள்ளியின் y அச்சுப் பிரதிபலிப்பு. ஆகவே sin 150° = 1/2, cos 150° = −√3/2. x² + y² = 1 என்னும் வட்டச் சமன்பாடே sin²θ + cos²θ = 1 என்ற முற்றொருமை.

sin 2θ = 2 sin θ என்று கொள்வது பரவலான பிழை. θ = 30° எனில் வலப்பக்கம் 1; sin 60° ஏறத்தாழ 0.866 மட்டுமே. கூட்டுக்கோண வாய்பாடுகள் படத்தைப் பார்த்ததும் தோன்றுவன அல்ல. அவற்றுக்குத் தனி நிறுவல் தேவை.

வட்டத்திலிருந்து சைனைப் பெறுவது பழைய வழியே. ஆரியபட்டர் கி.பி. 499 அளவில் அரைநாண்களின் 24 அடுத்தடுத்த வேறுபாடுகளை 3438 அலகு ஆரத்துக்குத் தந்தார்.