அப்பா ஏன் கூரையைப் பற்றியே பேசுகிறார்? திரைக்கதை வசனமும் 'சப்டெக்ஸ்ட்'டும்

'ஜகாட்' படம் பார்த்திருக்கிறீர்களா? சஞ்சய் குமார் பெருமாள் இயக்கி, 2015-இல் திரைக்கு வந்த மலேசியத் தமிழ்ப் படம். மறு ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியத் திரைப்படத்துக்கான விருதை வென்றது. தோட்டத்தை விட்டு வெளியேறிய ஒரு குடும்பத்தின் கதை. தலைப்பையே கொஞ்சம் கவனியுங்கள். மலாயில் 'ஜஹாட்' என்றால் கெட்ட என்று பொருள். நம்மவர் பேச்சில் அது 'ஜகாட்' ஆகிவிட்டது. அந்த ஒரு சொல்லை உச்சரிக்கும் விதத்திலேயே, பேசுபவர் எந்தச் சூழலில் வளர்ந்தவர் என்று தெரிந்துவிடுகிறது. "நான் தோட்டத்துப் பிள்ளை" என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

வசனம் ஒருவரைக் காட்டும் முதல் வழி இந்தச் சொல் தேர்வு. இது ஓரளவு சுலபம், காது இருந்தால் போதும். கஷ்டமானது இரண்டாவது வழி: அவர் எதைச் சொல்லாமல் விடுகிறார் என்பது. திரைக்கதையில் இதைத்தான் 'சப்டெக்ஸ்ட்' என்கிறார்கள், வசனத்துக்கு அடியில் ஓடும் பேச்சு.

ஒரு காட்சியை எழுதிப் பார்ப்போம். இடம், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு பழைய ரப்பர் தோட்டம். பால்மரங்களை அழித்துச் செம்பனை நட்டாயிற்று. லயத்து வீட்டில் அப்பாவும் மகனும். மகனுக்குச் சிங்கப்பூரில் வேலை, விடிந்தால் ஈப்போ அமான்ஜெயாவில் பஸ். வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. அப்பா அதை மகனிடம் சொல்லவில்லை. சொன்னால் அவன் போக மாட்டான்.

முதல் முயற்சியில் நம்மில் பலர் இப்படி எழுதுவோம்:

மகன்: உங்கள தனியா விட்டுட்டுப் போக மனசே இல்லப்பா.
அப்பா: என்னைப் பத்திக் கவலப்படாத. உன் எதிர்காலம்தான்டா எனக்கு முக்கியம்.

தப்பான தமிழ் இல்லை. ஆனால் இந்த இரண்டு வரியை எந்த அப்பாவும் எந்த மகனும் பேசலாம். மனதில் உள்ளது முழுக்க வாயில் வந்துவிட்டது, பார்ப்பவருக்குக் கண்டுபிடிக்க எதுவும் மிச்சமில்லை. இப்போது மாற்றி எழுதுவோம்:

மகன்: தீபாவளிக்கு வர்றப்ப இந்தக் கூரைய மாத்திடுவோம்பா.
அப்பா: இருக்கட்டும். ஒரு எடத்துலதான் ஒழுகுது.
மகன்: போன மாசம் நீங்கதான மாத்தணும்னீங்க?
அப்பா: அந்தக் காச நீ வெச்சிக்க.
(மகன் மூலையைப் பார்க்கிறான். பழைய பால் வெட்டும் உளி, துணியில் சுற்றிக் கட்டியிருக்கிறது.)
மகன்: உளிய ஏன் கட்டி வெச்சிருக்கீங்க?
அப்பா: துரு ஏறுது. எத்தன மணிக்கு பஸ்ஸு?
மகன்: ஏழரை. நாலு தடவ கேட்டுட்டீங்க.

பேச்சு முழுக்கக் கூரை, உளி, பஸ். தீபாவளிக்கு இந்த வீடே இருக்காது என்பது நமக்குத் தெரியும், மகனுக்குத் தெரியாது. அதனால் "இருக்கட்டும்" என்ற சாதாரண சொல் கனமாகிவிடுகிறது. அப்பாவின் குணமும் தெரிகிறது: பொய் சொல்ல வராது, பேச்சை மாற்றத்தான் வரும். உளியைக் கட்டி வைத்ததில், அவர் ஏற்கெனவே மூட்டை கட்டத் தொடங்கிவிட்டார் என்பதும் இருக்கிறது.

இப்படி எழுத மூன்று கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும். இவருக்கு இப்போது என்ன வேண்டும்? அதை நேராகக் கேட்க ஏன் முடியவில்லை? அதற்குப் பதிலாக எதைப் பற்றிப் பேசுகிறார்? இரண்டாவதுதான் முக்கியம். மறைக்கக் காரணம் இல்லாமல் சுற்றி வளைத்துப் பேசினால் அது சப்டெக்ஸ்ட் இல்லை, வெறும் புதிர்.

எல்லா இடத்திலும் இது தேவையும் இல்லை. தோட்ட அலுவலகத்தில் கிராணி கடிதத்தைக் கொடுக்கும் காட்சியில், "மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணணும்" என்று அவர் நேராகவே சொல்லட்டும். அவருக்கு மறைக்க ஒன்றுமில்லை.

வேலை செய்கிறதா என்று பார்க்க, கதாபாத்திரங்களின் பெயரை மறைத்துவிட்டு வசனத்தை மட்டும் படியுங்கள். யார் பேசுவது என்று தெரியவில்லை என்றால் இரண்டு பேருக்கும் ஒரே குரல், உங்கள் குரல். பிறகு முந்தைய காட்சிகளோடு சேர்த்து நண்பர்கள் இருவரை வாய்விட்டு வாசிக்கச் சொல்லி, மூன்றாமவரிடம் கேளுங்கள்: "அப்பா எதை மறைக்கிறார்?" அவர் முழித்தால், உடனே "வீட்டக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க" என்று அப்பா வாயில் ஒரு வரியைத் திணிக்கத்தான் கை போகும். அதைச் செய்யாதீர்கள். பிரச்சினை பெரும்பாலும் இந்தக் காட்சியில் இருக்காது. இரண்டு காட்சி முன்னால் போய், அப்பா கடிதத்தை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் செருகுவதை எழுதுங்கள். கூரைப் பேச்சை அப்படியே விட்டுவிடலாம்.