ஒரே கோயில், இரண்டு கேப்ஷன்

ஏற்காட்டிலிருந்து சேர்வராயன் கோயிலுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் படத்தோடுதான் திரும்புகிறார்கள். 5,326 அடி உயரத்தில், மலை உச்சியில், குகைக்குள் இருக்கும் கோயில் அது. படம் எப்படியும் நன்றாக வந்துவிடும், கீழே எழுதுவதுதான் பலருக்கும் சொதப்புகிறது. ஒரே படத்துக்கு இரண்டு விதமாக எழுதிப் பார்ப்போம். இரண்டும் இந்தக் கட்டுரைக்காக எழுதியவை. முதலாவது, நாம் தினமும் பார்க்கும் வகை:

🙏✨⛰️ ஏற்காட்டின் உச்சியிலிருக்கும் சேர்வராயன் கோயிலுக்கு 🛕 இன்று காலை மூடுபனிக்குள்ளேயே 🌫️ நடந்துபோனோம் குகைக்குள்ளே 🕯️ குனிந்துதான் நுழையவேண்டும் சேர்வராயனும் காவேரியம்மனும்❤️ ஒரே குகையில்

இரண்டாவது:

சேர்வராயன் கோயில்.
மலை உச்சியில் ஒரு குகை.

குனிந்துதான் நுழையணும்.
சேர்வராயனும் காவேரியம்மனும்
ஒரே குகைக்குள். 🙏

முதலாவதை எழுதியவர் கண்ணுக்கு அது ஒழுங்காகத்தான் இருந்திருக்கும். ஆனால் ஃபோனில் எழுத்தளவைப் பெரிதாக்கி வைத்திருக்கும் அம்மாவோ மாமாவோ பார்க்கும்போது ஒரு வரியில் ஏறத்தாழ 16 எழுத்துதான் அடங்கும் என்று வைத்துக்கொள்வோம். அப்போது இப்படி உடையும்:

🙏✨⛰️ ஏற்காட்டின்
உச்சியிலிருக்கும் சேர்வராயன்
கோயிலுக்கு 🛕 இன்று காலை
மூடுபனிக்குள்ளேயே 🌫️
நடந்துபோனோம் குகைக்குள்ளே 🕯️
குனிந்துதான் நுழையவேண்டும்
சேர்வராயனும் காவேரியம்மனும்
❤️ ஒரே குகையில்

வலது ஓரத்தைப் பாருங்கள். தமிழ் வரியை ஃபோன் இடைவெளி இருக்கும் இடத்தில்தான் மடிக்கிறது. சொல்லை நடுவில் வெட்டிக் கோடு போட்டு அடுத்த வரிக்குக் கொண்டுபோகும் வழக்கம் இங்கே இல்லை. 'மூடுபனிக்குள்ளேயே' என்று ஒன்பது எழுத்து ஒட்டிக்கொண்டு வந்தால், இடம் போதாதபோது அந்தச் சொல் முழுசாகக் கீழே இறங்கும், மேல் வரியில் பள்ளம் விழும். அதனால் இலக்கணம் இடம் தரும் இடத்தில் பிரித்து எழுதுவது நல்லது. 'நடந்துபோனோம்' என்பதை 'நடந்து போனோம்' என்று எழுதலாம். ஆனால் 'குகைக்குள்' என்பதை இதற்காக வெட்டினால் படிப்பவருக்குத் தடுக்கும். அங்கே சொல்லைக் குறைப்பதே வழி.

கடைசி வரியின் இதயத்தைக் கவனித்தீர்களா? எழுதியவர் அதை அம்மனோடு ஒட்டித்தான் வைத்தார். ஆனால் எமோஜிக்கு முன்னாலும் பின்னாலும் வரியை உடைக்கலாம் என்பது யூனிகோடின் வரி மடிப்பு விதி. நடுவில் இடைவெளி விடாவிட்டாலும் ஒட்டியிருக்கும் என்ற உறுதி இல்லை. இப்போது அது 'ஒரே குகையில்' என்பதற்குப் புள்ளி போட்டதுபோல நிற்கிறது. பிரியாமல் காக்க உடையாத இடைவெளி என்று ஒரு குறி உண்டு (யூனிகோடில் U+00A0). ஃபோன் விசைப்பலகையில் அதைத் தேடிப்பிடிப்பதைவிட, இரண்டாவதில் செய்ததுபோல எமோஜியைச் சிறிய வரியின் கடைசியில் வைப்பது எளிது. 'ஒரே குகைக்குள். 🙏' என்ற வரி முழு அகலத்துக்கு வராது, ஆகவே கூப்பிய கை கீழே விழ வாய்ப்பில்லை. '5,326 அடி' போன்றவற்றுக்கும் இதே கதைதான். வரியின் நடுவில் வந்தால் எண் மேலேயும் 'அடி' கீழேயும் நின்றுவிடலாம், வரித் தொடக்கத்தில் வைத்தால் சேர்ந்தே இருக்கும்.

எமோஜி எத்தனை என்பதைவிட எங்கே என்பதுதான் முக்கியம். வாக்கியத்துக்கு நடுவில் 🛕 வந்தால், திரையைப் படித்துக் காட்டும் செயலியைப் பயன்படுத்துபவருக்கு 'கோயிலுக்கு' என்பதற்கும் 'இன்று' என்பதற்கும் நடுவில் அந்தப் படத்தின் பெயரும் வாசிக்கப்படும். முதல் மூன்று எமோஜியும் நஷ்டம்தான். இன்ஸ்டாகிராமில் தொடக்கம் மட்டும் காட்டிவிட்டு மீதியை மறைத்துவிடுவதால், கோயில் பெயர் நிற்க வேண்டிய இடத்தை அவை தின்றுவிடுகின்றன. (மூடுபனி எமோஜி எதற்கு என்றே எனக்குப் புரியவில்லை. பனி படத்திலேயே இருக்கிறதே.)

இரண்டாவதில் உள்ள வரி உடைப்பு எல்லாம் எழுதியவர் தட்டிய எண்டர்தான். அதில் ஒரு ஆபத்தும் உண்டு. தன் திரையின் ஓரம் எங்கே வருகிறதோ அங்கே எண்டர் தட்டுபவர்கள் பலர். அதே பதிவு குறுகலான ஃபோனுக்குப் போனால் ஒவ்வொரு வரியும் ஒரு சொல்லைக் கீழே தள்ளிவிடும், நீள வரி, ஒற்றைச் சொல், நீள வரி, ஒற்றைச் சொல் என்று படிக்கட்டு மாதிரி ஆகிவிடும். இரண்டாவதில் எண்டர் விழுந்திருப்பது பேச்சு நிற்கும் இடத்தில். மிக நீளமான வரி 'சேர்வராயனும் காவேரியம்மனும்', இடைவெளியோடு 16 எழுத்து, பெரிய எழுத்திலும் மடியாது. அகலமான திரையில் வலப்பக்கம் காலியாக இருக்கும், அவ்வளவுதான்.

வெற்று வரியையும் ஒன்றோடு நிறுத்தியிருக்கிறார். இடத்துக்கும் அனுபவத்துக்கும் நடுவில் அது போதும். முதல் வரிக்கு அடுத்தே அதை விட்டிருந்தால், மறைவதற்கு முன் தெரியும் சில வரிகளில் ஒன்று வெறுமையாகப் போயிருக்கும்.

முதலாவதற்கும் ஒரு இடம் உண்டு. வாட்ஸ்அப் குடும்பக் குழுவில் போட்டால் யாரும் வரியை அளந்து பார்க்கப் போவதில்லை, அங்கே எமோஜி எண்ணிக்கைதான் பாசம். மே மாதத் திருவிழாவுக்கு ஊராரை அழைக்க எழுதுகிறீர்கள் என்றால், பதிவிடுமுன் ஃபோன் செட்டிங்கில் எழுத்தளவைக் கடைசி வரை ஏற்றிவிட்டு உங்கள் வரைவை ஒருமுறை பாருங்கள். தனியாக விழுந்து நிற்கும் சொல்லோ எமோஜியோ தெரிந்தால், அதற்கு மேல் வரியில் ஒரு சொல்லைக் குறையுங்கள்.