விற்றால்தானே நஷ்டம்? ஒரு மனச்சாய்வு அளக்கப்பட்ட வரலாறு

விலை இறங்கிய பங்கை ஏன் இன்னும் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால், இங்கே திருவனந்தபுரத்தில் தமிழிலும் மலையாளத்திலும் ஒரே பதில்தான் வரும்: விற்றால்தானே நஷ்டம்? அதே மனிதர் சற்றே விலை ஏறிய பங்கை உடனே விற்று இலாபத்தைக் கையில் எடுத்துக்கொள்கிறார். இந்த இரட்டை நடத்தையைப் பங்குத் தரகர்கள் நெடுநாளாக அறிவார்கள். கலிபோர்னியாவின் சாந்தா கிளாரா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹெர்ஷ் ஷெஃப்ரின், மேயர் ஸ்டாட்மன் ஆகிய இருவர் 1985இல் அதற்கு ஒரு பெயரையும் கோட்பாட்டு விளக்கத்தையும் தந்தனர்.

அவர்கள் எடுத்துக்கொண்ட ஆங்கிலச் சொல் ‘டிஸ்பொசிஷன்’. அது மனத்தின் இயல்பான சாய்வையும் குறிக்கும்; உடைமையை விற்று அகற்றுவதையும் குறிக்கும். இரு பொருளையும் தாங்கும் ஒற்றைச் சொல் தமிழில் இல்லாமையால், ‘விற்பனைச் சாய்வு’ என்று இங்கே வழங்குகிறேன்.

பெயர் கிடைத்துவிட்டது, ஆனால் அத்தகைய சாய்வு உண்மையில் இருக்கிறது என்பதை எப்படி நிறுவுவது? விற்கப்பட்ட பங்குகளில் இலாபத்தில் இருந்தவை எத்தனை, நஷ்டத்தில் இருந்தவை எத்தனை என்று எண்ணினால் போதும் என்று தோன்றும். அது போதாது. சாலைக் கடைத்தெரு வணிகர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். அவரிடம் 16 நிறுவனங்களின் பங்குகள் உள்ளன. ஒரு நாள் இலாபத்தில் உள்ள 3 பங்குகளையும் நஷ்டத்தில் உள்ள 1 பங்கையும் விற்கிறார். அன்று அவரிடம் இலாபத்தில் 12, நஷ்டத்தில் 4 இருந்திருந்தால், இரு பக்கத்திலும் நான்கில் ஒன்றையே விற்றிருக்கிறார். சாய்வு எதுவும் இல்லை. இலாபத்தில் 6, நஷ்டத்தில் 10 இருந்திருந்தால் கதை வேறு. இலாபப் பங்குகளில் பாதி போயிற்று. நஷ்டப் பங்குகளில் பத்தில் ஒன்றுதான் போயிற்று. விற்றவை இரு நிலையிலும் ஒன்றே. விற்காமல் வைத்திருந்தவற்றை எண்ணினால்தான் வேறுபாடு புலப்படுகிறது.

டெரன்ஸ் ஓடீன் 1998இல் வெளியிட்ட ஆய்வின் அடிப்படை இந்த எண்ணும் முறைதான். அமெரிக்காவின் குறைந்த கட்டணத் தரகு நிறுவனம் ஒன்றின் 10,000 கணக்குகளை, 1987 முதல் 1993 வரையிலான பதிவுகளோடு அவர் எடுத்துக்கொண்டார். விற்பனை நடந்த ஒவ்வொரு நாளிலும் அந்தக் கணக்கில் விற்கப்படாமல் இருந்த பங்குகளையும் வாங்கிய விலையோடு ஒப்பிட்டார். விற்றுப் பெற்றிருக்கக்கூடிய இலாபங்களில் 14.8 விழுக்காடு விற்கப்பட்டிருந்தது, நஷ்டங்களிலோ 9.8 விழுக்காடு மட்டுமே.

நஷ்டப் பங்குகள் மீண்டும் ஏறும் என்ற கணிப்பு சரியாக இருந்திருந்தால் இதைக் குறையென்று சொல்ல இயலாது. ஆனால் விற்கப்பட்ட இலாபப் பங்குகள், வைத்துக்கொள்ளப்பட்ட நஷ்டப் பங்குகளைவிட அடுத்த ஓராண்டில் சராசரியாக 3.4 விழுக்காட்டுப் புள்ளிகள் கூடுதல் வருவாய் தந்தன. மேலும், டிசம்பர் மாதத்தில் மட்டும் விகிதம் தலைகீழானது: நஷ்டங்களில் 12.8, இலாபங்களில் 10.8. அமெரிக்காவில் வரி ஆண்டு டிசம்பரில் முடிகிறது. நஷ்டத்தைக் கணக்கில் காட்டினால் வரி குறையும். ஆண்டு முழுவதும் மனம் தள்ளிப்போட்டதைக் கெடுநாள் ஒன்று செய்யவைத்தது.

இந்தியாவில் வரி ஆண்டு மார்ச் 31 அன்று முடிகிறது. எனினும் 2004 அக்டோபர் முதல் 2018 மார்ச் வரை, ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து பங்குச் சந்தையில் விற்ற பங்குகளின் இலாபத்துக்கு வரி இல்லை. ஆகவே அத்தகைய நஷ்டத்தை விற்றுக் கழித்துக்கொள்ளும் பயனும் இல்லை. பழைய நஷ்டத்தை விற்கத் தூண்டும் அந்தக் கெடுநாள் இங்கே பெரும்பாலும் செயலற்றிருந்தது.

இந்தியச் சிறு முதலீட்டாளர்களிடமும் இச்சாய்வு பதிவாகியுள்ளது. 1996இல் தொடங்கிய தேசியப் பங்கு வைப்பகத்தின் மின்னணுப் பதிவுகளைக் கொண்டு ஜான் கேம்ப்பெல், தருண் ராமதுரை, பெஞ்சமின் ரானிஷ் ஆகியோர் 2014இல் வெளியிட்ட ஆய்வு, சந்தையில் அனுபவம் கூடியவர்களிடம் இச்சாய்வு ஒப்பீட்டளவில் குறைவாக இருப்பதைக் காட்டியது. காகிதச் சான்றிதழ்களின் காலத்தில், யார் எதை விற்காமல் வைத்திருந்தார் என்பதை இத்தனை பெரிய அளவில் எண்ணியிருக்க இயலாது.

காரணம் குறித்த விவாதம் மட்டும் முடியவில்லை. ஷெஃப்ரினும் ஸ்டாட்மனும் கானமன்–ட்வெர்ஸ்கியின் 1979ஆம் ஆண்டுக் கோட்பாட்டைச் சார்ந்து விளக்கினர்: இலாபத்தில் மனிதர் துணிச்சலைத் தவிர்ப்பர், நஷ்டத்தில் அதை நாடுவர். ஆனால் அதே கோட்பாடு சில சூழல்களில் நேர்மாறான நடத்தையைக் கணிக்கிறது என்று நிக்கோலஸ் பார்பெரிசும் வெய் சியோங்கும் 2009இல் காட்டினர். விற்கும் கணத்தில்தான் இலாபமும் நஷ்டமும் மனத்தில் உறைக்கின்றன என்பது அவர்கள் முன்வைத்த மாற்று விளக்கம். தரகு அலுவலகத்தில் கேட்கும் ‘விற்றால்தானே நஷ்டம்’ என்ற வாக்கியம் ஏறத்தாழ அதைத்தான் சொல்கிறது. கணக்கியல் நோக்கில் அது பிழை. பங்கின் இன்றைய மதிப்பு நாம் அதை வாங்கிய விலையை அறியாது. அதை நினைவில் வைத்திருப்பவர் உரிமையாளர் ஒருவரே.