முக்கால் மில்லிமீட்டர் தோலின் பயணம்

ஆம்பூர் டேனரியில் பதமான செம்மறித் தோல், விரிஞ்சிபுரம் வழியாக லாரியில் சென்னைக்குப் போய், ஜாக்கெட்டாகித் துறைமுகம் சேர்கிறது. ஐரோப்பாவின் குளிர்காற்றில் அதைப் போட்டுக்கொள்பவர் மேல் இருப்பது முக்கால் மில்லிமீட்டர் தடிமன்தான். கம்பளி ஸ்வெட்டர் அதைவிடப் பல மடங்கு தடிப்பு. ஆனாலும் காற்றடிக்கும் நாளில் ஜெயிப்பது தோல்தான்.

காரணம் டேனரியிலேயே உருவாகிறது. சுண்ணாம்பில் முடி களைந்த தோலை டிரம்மில் குரோம் உப்போடு சுழற்றினால் நீலமாக, ‘வெட் ப்ளூ’வாக வெளியே வரும். பிறகு ஷேவிங் மெஷினில் சீவி மெல்லிசாக்கி, சாயமும் எண்ணெயும் ஏற்றி, மேல்புறத்தில் பூச்சு கொடுப்பார்கள். அந்த மேல்புறத்தில் நார்கள் நெருக்கமாகப் பின்னிக் கிடக்கும். பூச்சும் சேர்ந்தால் காற்று நுழைய வழியே இல்லை. வயிற்றுப் பகுதியின் நார் மட்டும் தளர்வு. அதனால் நல்ல கட்டிங் மாஸ்டர் அதை நெஞ்சுக்கு வைக்க மாட்டார்.

நம்மைக் கதகதப்பாக வைப்பது உடையின் இழைகளுக்குள் அசையாமல் நிற்கும் காற்று. உடல் சூடாக்கிய அந்தக் காற்றை, ஸ்வெட்டரின் கண்கள் வழியே நுழையும் வெளிக்காற்று அள்ளிக்கொண்டு போய்விடும். அப்புறம் தடிப்பு இருந்தும் பெரிய பயனில்லை. காற்றின் இந்த வேலையை 1941இல் அண்டார்டிகாவில் சைப்பிள், பாசெல் என்ற இருவர் தண்ணீர் உறையும் வேகத்தை வைத்து அளந்தார்கள். அமெரிக்காவும் கனடாவும் 2001இல் திருத்திய சூத்திரப்படி, 5 டிகிரி குளிரில் மணிக்கு 40 கிலோமீட்டர் காற்று வீசினால் திறந்த முகத்துக்குச் சுமார் மைனஸ் 1 டிகிரி போலத் தோன்றும். உணர்வுதான் அப்படி; அந்தக் காற்றில் வைத்த தண்ணீர் உறையாது.

ஜாக்கெட் தைத்த பிறகும் காற்று வழி தேடும். ஜிப்பின் பற்கள், மணிக்கட்டு, இடுப்பு, கழுத்து எல்லாம் அதற்கு வாசல்கள். அதனால்தான் 1931இல் வந்த அமெரிக்க விமானிகளின் ஏ-2 தோல் ஜாக்கெட்டில், ஜிப்புக்குப் பின்னால் ஒரு பட்டையும் கையிலும் இடுப்பிலும் இறுக்கமான பின்னல் பட்டியும் இருந்தன.

தோலுக்கு ஒரு வரம்பு உண்டு. காற்றில்லாத கடுங்குளிரில் அசையாமல் நின்றால் தோல் மட்டும் போதாது. அங்கே தடித்த பஞ்சு ஜாக்கெட்டுக்குத்தான் மதிப்பு. காற்றும் குளிரும் சேர்ந்தால் உள்ளே ஸ்வெட்டர், வெளியே தோல். இந்த வரிசையை மாற்றினால் ஸ்வெட்டர் வீண்.

கடையில் எந்த ஜாக்கெட்டை எடுத்தாலும் துணியை வாயில் ஒட்டி ஊதிப் பாருங்கள். மறுபுறம் வைத்த கையில் காற்று பட்டால், பைக் ஓட்ட அதை வாங்காதீர்கள்.