மருந்து கட்டி எழும்பியதும் வந்த மயக்கம்

கடந்த வருடம் முல்லைத்தீவில் ஒரு அண்ணாவைச் சந்திக்கப் போயிருந்தேன். ஷெல் துண்டு இன்னும் இருக்கும் காலில் பழைய காயம் சீழ் பிடித்திருந்தது. தாதி மருந்து கட்டி முடிந்ததும் எழும்பினார். முகம் வெளிறி, வியர்த்து, “கண் இருட்டுது தம்பி” என்றபடியே சரிந்தார். துண்டு இதயத்துக்கு ஏறிவிட்டதென்று மனைவி கதறினார். நான் அவரைத் தூக்கிக் கதிரையில் இருத்தப் பார்த்தேன். அது பிழை. தாதி நிலத்தில் படுக்கவைத்து, கால்களைக் கதிரைமேல் உயர்த்தினார். ஒரு நிமிடத்துக்குள் விழித்துவிட்டார்.

கடும் வலியில் வேகஸ் நரம்பு இதயத் துடிப்பைக் குறைக்கும். இரத்தக் குழாய்களும் விரிந்து, இரத்தம் காலில் தேங்க, மூளைக்குப் போவது குறையும். படுத்தால் அது திரும்பும். இருத்திவைத்தால் மயக்கம் நீண்டு, கைகால் இழுக்கவும் கூடும்.

இதயத்தால் வரும் மயக்கம் பெரும்பாலும் வியர்வை, கண் இருட்டல் போன்ற முன்னறிகுறி இல்லாமலே விழுத்தும். ஓடும்போதோ படுத்திருக்கும்போதோ வந்தால், முன்னதாக நெஞ்சுவலியோ படபடப்போ இருந்தால், குடும்பத்தில் யாரும் இளவயதில் திடீரென இறந்திருந்தால், தாமதிக்காமல் 1990ஐ அழையுங்கள். ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும்.

அண்ணா பத்து நிமிடம் படுத்திருந்து, பிறகு சற்று இருந்துதான் எழும்பினார். இப்போது படுத்தபடியே மருந்து கட்டுவிக்கிறார்.